காணாமல் போன சீட்டுக்கட்டு

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் சின்ன அரிசி ஆலை நடத்துகிறோம். பிரைவேட் லிமிடெட் ஆக்கி நான்கு வருஷம் ஆகிறது. பிப்ரவரியில் சம்பா நெல் வாங்கிய சீட்டுக்கட்டு ஒன்று கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் குறுவை நெல் வந்து இறங்கிவிடும். ஆடிட்டரிடம் இரண்டு மாசம் டைம் கேட்டுக் கடிதம் எழுதலாமா?

பதில்: எழுதுங்கள், இன்றைக்கே. ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டு மாசம் அவர் கையில் இல்லை. மார்ச் 31-ல் முடிந்த வருஷத்துக்குச் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தாக வேண்டும். அதைத் தள்ளிவைக்கும் அதிகாரம் கம்பெனிகள் பதிவாளருக்குத்தான் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் அதிகபட்சம் மூன்று மாசம் தருவார். அதற்குக் கெடு முடியுமுன்பே கம்பெனி மனுப்போட வேண்டும். வருமானவரித் தணிக்கைக்கான கெடு தனி. இந்த அனுமதி அதை நகர்த்தாது.

ஆடிட்டருக்கு எழுதும் கடிதத்தில் ‘கணக்கு முழுமையாக இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை சீட்டு இல்லை, எது கையில் இருக்கிறது, மீதி என்றைக்குள் வரும் என்று எழுதுங்கள். அதைப் படித்தால்தான் இருக்கிற கணக்கை அவர் இப்போதே பார்க்கத் தொடங்க முடியும்.

விட்டுப்போனது எவ்வளவு என்பதை உங்கள் ஆலையே சொல்லும். நூறு கிலோ நெல்லுக்குச் சுமார் 67 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் 134 டன் அரிசி விற்றிருந்தால் 200 டன் நெல் அரைபட்டிருக்க வேண்டும். ஆரம்ப இருப்பு, கடைசி இருப்பெல்லாம் கழித்துக் கூட்டியும் புத்தகத்தில் 170 டன்தான் வருகிறதா? காணாமல் போன கட்டு 30 டன்னுக்கானது. எடைமேடைக்காரரிடம் அந்த வாரங்களின் நகல் சீட்டு வாங்குங்கள், லாரி வாடகை எழுதிய நோட்டையும் எடுங்கள். இரண்டும் 30 டன்னை ஒட்டி வந்தால் ஆடிட்டர் நம்ப ஒரு பிடி கிடைக்கும். 50 டன் என்று வந்தால், எங்கோ அரிசி பில் இல்லாமல் போயிருக்கிறது என்றுதான் அவர் கேட்பார்.

எடை கிடைத்தாலும் பெயர் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமானவரியில் அது செலவாக நிற்காது. நெல்லை விளைவித்தவருக்கே கொடுத்திருந்தால் விலக்கு உண்டு. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் கிடையாது. அதனால் ஊர் ஊராகப் போய், நெல் போட்டவர்களிடம் பெயர், நிலத்தின் சர்வே எண், வாங்கிய தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய தேதி போட்டுப் புதுச் சீட்டு மட்டும் தயாரிக்காதீர்கள். இன்றைய தேதியிட்ட உறுதிக் கடிதமே போதும்.

இன்னொன்று. கேஷ் கிரெடிட்டுக்காக மார்ச் இருப்பு என்று வங்கிக்கு ஒரு பட்டியல் கொடுத்திருப்பீர்களே, அதன் நகலையும் கடிதத்தோடு வையுங்கள். நீங்கள் தராவிட்டாலும் ஆடிட்டர் கேட்டு வாங்கிப் பார்ப்பார். அதில் உள்ள மூட்டைக் கணக்கும் உங்கள் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால், காரணத்தை அவர் கேட்குமுன் நீங்களே எழுதிவிடுங்கள்.