ஊர் காலண்டரும் மெல்பர்ன் கடிகாரமும்

கேள்வி: என் நட்சத்திரம் ரோகிணி. ஜனவரியில் மெல்பர்னில் கார் எடுக்கிறோம். சென்னைக் காலண்டர் ‘திருவாதிரை காலை 10 வரை’ என்கிறது. காலை 11 மணிக்கு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், 11 மணிக்கு அங்கே இன்னும் திருவாதிரைதான்! நட்சத்திரம் மாறும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்று, கடிகாரம்தான் வேறு. சென்னை நேரத்தோடு கோடை நேரம் நடக்கும் மாதங்களில் ஐந்தரை மணி, மற்ற மாதங்களில் நாலரை மணி கூட்டுங்கள். ஆக, மாலை 3.30 வரை திருவாதிரை. ரோகிணியையும் சேர்த்து எண்ணினால் அது மூன்றாவது, விபத்து தாரை. அடுத்து வரும் புனர்பூசம் நான்காவது, க்ஷேம தாரை. சந்திர பலத்துக்கு ராசியை எண்ணுங்கள்: ரிஷபத்துக்கு மிதுனம் இரண்டாமிடம், வளர்பிறையில் நல்லது. எட்டாமிடமான தனுசுதான் உங்களுக்குச் சந்திராஷ்டமம். ராகு காலத்தை மட்டும் மெல்பர்ன் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள். வளர்பிறையாக இருந்து, ராகு காலமும் குறுக்கிடாவிட்டால் மாலை நான்கு மணிக்குச் சாவியை வாங்குங்கள்.