ஐ.எஸ்.ஐ. அச்சடித்துத் தரப்படும்

"மாமா, மூணுலயும் ஐ.எஸ்.ஐ. இருக்கு, வாங்கிடவா?" டெல்லி மயூர் விஹாரில் புது வீட்டுக்கு ஒயரிங் செய்துகொண்டிருக்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் சுவிட்ச், பல்பு, ஒயர் படங்களை அனுப்பிக் கேட்டான். இருக்கத்தான் இருக்கிறது. முத்திரையை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், ஒரு அச்சு போதும்.

சுவிட்ச் பெட்டியில் முத்திரைக்கு மேலே IS 694 என்றிருந்தது. அது ஒயருக்கான எண். வீட்டுச் சுவிட்சுக்கு IS 3854. பிட் அடிப்பவனும் அதே பாடத்தைப் பார்த்து அடிப்பானே, இந்த மகானுபாவருக்கு அந்தக் கவலைகூட இல்லை. எல்.இ.டி. பல்பில் முத்திரைக்குக் கீழே CM/L எண். எல்.இ.டி. பல்பு கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருவது. அதில் இருக்க வேண்டியது R- என்று தொடங்கும் பதிவு எண், மேலே IS 16102.

ஒயர்தான் கைதேர்ந்த வேலை. IS 694 சரி, CM/L எண்ணும் சரி. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் உரிமம் நடப்பில் இருப்பதாகவே வருகிறது. என்ன, அது வேறொரு கம்பெனியின் உரிமம்! எண் உண்மையா என்று பார்த்ததோடு செயலியை மூடிவிடுகிறோம். கம்பெனி பெயர், முகவரி, பொருள் மூன்றையும் ஒயரில் உள்ளதோடு ஒப்பிட்டால்தான் குட்டு உடையும். பெயரையும் சேர்த்தே திருடியிருந்தால் செயலியும் கைவிரித்துவிடும். உள்ளே இருப்பது செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பதை எந்தப் படமும் சொல்லாது.

சந்துக்கடைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2025 மார்ச் 19 அன்று டெல்லி மோகன் கூட்டுறவுத் தொழிற்பேட்டையில் அமேசான் கிடங்கில் பி.ஐ.எஸ். அதிகாரிகள் 15 மணி நேரத்துக்கு மேல் சோதனை போட்டார்கள். முத்திரையே இல்லாதவையும் போலி முத்திரை ஒட்டியவையுமாக, கீசர், மிக்ஸி என்று 3,500-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள். மதிப்பு சுமார் 70 லட்சம் ரூபாய். இணையக் கடைகளின் படங்களைப் பாருங்கள்: பல்பு பளபளக்கும், குடும்பம் சிரிக்கும், எண் அச்சிட்ட பக்கம் மட்டும் கேமராவுக்கு முதுகைக் காட்டும். அந்தப் பக்கத்தைப் படமெடுக்காமல் விற்கக் கூடாதென்று சொல்ல இத்தனை ஆண்டுகள் யார் வாயில் கொழுக்கட்டை?

2016-ம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தில் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 2 லட்சம் அபராதம்; பொருள் மதிப்பைப்போல் பத்து மடங்கு வரைகூடப் போகலாம். போகலாம், போகாமலும் இருக்கலாம். சுவருக்குள் புதைத்த ஒயருக்கு அந்தச் சலுகை கிடையாது. சூடானால் உருகியே தீரும்.

செயலியிலேயே புகார் கொடு, பில்லையும் கேட்டு வாங்கிவை என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "பில்லா? அதுக்கு ஜி.எஸ்.டி. தனி. முத்திரை மட்டும் ஃப்ரீ."