காலி நாற்காலிக்கும் கட்டணம் உண்டு

ஆதம்பாக்கத்தில், நிலமங்கை நகர்ப் பக்கம் ஒரு மாடி டியூஷன் சென்டர். பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் பத்தே நாற்காலி. மாத வாடகை 12,000, ஆசிரியர் சம்பளம் 15,000, ஜெராக்ஸ் தலைக்கு 200 ரூபாய். பத்துப் பேர் வந்தால் ஆளுக்கு 2,900 போதும். வந்தது ஆறு பேர்.

நிர்வாகி நியாயஸ்தர். காலி நாற்காலியிடம் வசூலிக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் முடியும். ஆகவே 4,700. உடனே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஜெராக்ஸில் 400 ரூபாய் மிச்சம்! வாடகையும் சம்பளமும்தான் பிடிவாதமாக அப்படியே நின்றன. கட்டணம் 6,950 ஆனது.

ஆரம்பத்திலேயே ஏழு பேர்தான் வருவார்கள் என்று வைத்து, ஏறக்குறைய 4,060 என்று அறிவித்து, பிறகு வருகிறவர்களை லாபமாகக் கொள்வது சில கோழைகளின் வழக்கம். ஏப்ரல், மே மாத வாடகையைக்கூட ஜூனிலேயே கட்டணத்தில் பரப்பிவிடுவார்களாம். நம்மவருக்கு அந்த அவநம்பிக்கை கிடையாது.

இப்போது ஒரே ஒரு மாணவி. போர்டில் ‘தனிக் கவனம்’ என்று பெருமையாக எழுதியாயிற்று. முறைப்படி அவள் கட்ட வேண்டியது 27,200. ஆனால் ஆசிரியரின் மகளாம். ஊழியர் பிள்ளைகளுக்கு இலவசம்.