இலைச் சித்தப்பா

களமருதூரில் சித்திரை ஒன்றாம் தேதி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீட்டிலாவது அவர் இருப்பார். முதல் நாள் இரவு சென்னையில் பேருந்து ஏறி, உளுந்தூர்பேட்டையில் இறங்கி, வண்டி மாறி வந்து சேர்ந்திருப்பார். கையில் ஒரு பை, பையில் ஒரு போன், போனுக்கு ஒரு முக்காலி. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இலைச் சித்தப்பா. வருஷம் முழுக்க சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், அன்று ஒரு நாள் மட்டும் இலை போடும் விஷயத்தில் தலைமைப் பொறியாளர் ஆகிவிடுவார்.

அவருடைய வேலை கொல்லையில் தொடங்கும். வாழை மரத்தை மூன்று சுற்று சுற்றிவருவார். காற்றில் கிழிந்த இலை வேண்டாம். நேற்று விரிந்த குருத்து இலை கண்ணுக்கு அழகு, ஆனால் கையை வைத்தால் கிழியும். முற்றிய இலையோ மடக்கினால் நரம்போடு வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில், நுனியோடு கூடிய தலைவாழை இலை ஒன்று அகப்படும்வரை அண்ணி அடுப்பைத் தணித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பூவன் மரத்து இலைதான் மெல்லிசு, விருந்துக்கு அதுதான் சரி என்று சித்தப்பா சொல்வார். அது உண்மையும்கூட. தமிழ்நாட்டில் இலைக்காகவே பூவனைப் பயிரிடுகிறவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு என்ன இலை என்று அண்ணி கேட்டால், "அவங்களுக்கு ஏடு போதும் அண்ணி, அவங்கள யாரு படம் எடுக்கப் போறாங்க?" என்பார்.

நுனி எந்தப் பக்கம் என்பதில் அவரை யாரும் அசைக்க முடியாது. சாப்பிட உட்காருகிறவருக்கு இடப்பக்கம். இது சாஸ்திரம் என்று அவர் குரலை உயர்த்துவார். அதற்கு சாஸ்திரம் வேண்டியதில்லை, வலக்கை போதும். வலக்கையால் பிசைந்து சாப்பிடுகிறவருக்கு அகலமான பக்கம் வலது புறம் இருந்தால்தான் சோற்றைப் பரத்தி, குழம்பை ஏந்தி, கடைசியில் பாயசத்தையும் வழித்துச் சாப்பிட முடியும். ஒடுங்கிய நுனியில் உப்பும் ஊறுகாயும் இருந்துகொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை. காரணம் இவ்வளவுதான் என்று ஆயா சொன்னால், "அதெல்லாம் உனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பதார்த்தத்துக்குப் போய்விடுவார்.

அடுத்தது மேல் பாதி. நடு நரம்புக்கு அப்பால், இடமிருந்து வலமாக. நுனியில் ஒரு சிட்டிகை உப்பு. அதன் பக்கத்தில் ஊறுகாய், எலுமிச்சையோ மாங்காயோ. பிறகு அன்றைய நாயகன், வேப்பம்பூ தூவிய மாங்காய்ப் பச்சடி. அதற்கடுத்து அவரைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல். நரம்புக்கு இந்தப் பக்கம், இடது ஓரத்தில் வடையும் அப்பளமும். சோறு விழ வேண்டிய நடுவிடம் காலி. இதுவரை சித்தப்பா சொல்வது களமருதூரில் மட்டுமல்ல, மாவட்டத்தின் பெரும்பாலான பந்திகளில் செல்லும்.

சிக்கல் இனிப்பில் வரும். சில வீடுகளில் இலையின் வலது கீழ் மூலையில் முதலில் ஒரு கரண்டி பாயசத்தை விட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். சில வீடுகளில் கேசரியோ லட்டோ நுனிப் பக்கம் உட்காரும், பாயசம் ரசத்துக்கு அப்புறம் வரும். வடைக்கும் அதே வழக்கு: கீழே இடது பக்கமா, மேலே கூட்டுக்குப் பக்கமா? அண்ணி பிறந்த ஊரில் ஒரு வழக்கம், புகுந்த வீட்டில் ஒரு வழக்கம். சித்தப்பா அண்ணி வைத்த உளுந்து வடையை எடுத்து இடம் மாற்றுவார். அண்ணி கூட்டு எடுக்கப் போய்த் திரும்பி வரும்போது அதைப் பழைய இடத்துக்கே நகர்த்துவார். "உளுந்தூர்பேட்டை வட்டத்துல பொறந்துட்டு உளுந்து வடைய வைக்க எடம் தெரியலயே தம்பி உங்களுக்கு!" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து விழும். வடை நான்கு முறை பயணம் செய்த இலையை அதில் பதிந்த எண்ணெய்த் தடங்களை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

சித்தப்பாவுக்குப் பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு. இலையின் வரிசை கண்ணுக்காக ஏற்பட்டது அல்ல, நேரத்துக்காக ஏற்பட்டது. பந்தியில் ஒருவர் உப்பு வைத்துக்கொண்டு போவார், அவர் பின்னால் ஊறுகாய் வாளி, அதன் பின்னால் பொரியல். பரிமாறுகிறவர் நடந்துபோகும் பாதைதான் இலையில் வரிசையாக விழுகிறது. சோறு வந்து, பருப்பும் நெய்யும் விழுந்த பிறகுதான் கை வைப்பது. சாம்பார்ச் சோறு தீர்ந்தால் காரக்குழம்பு, அது தீர்ந்தால் ரசம், பாயசம், கடைசியில் மோர். சாம்பாரும் மோரும் ஒரே நேரத்தில் ஒரே இலையில் இருப்பது எந்தப் பந்தியிலும் கிடையாது. ஒன்று வயிற்றுக்குள் போனால்தான் மற்றொன்று வாளியை விட்டு வரும்.

படத்துக்கோ எல்லாமே ஒரே நொடியில் இருக்க வேண்டும். எனவே சித்தப்பா சோற்றை மூன்று குன்றாகப் பிரிப்பார். ஒன்றில் சாம்பார், ஒன்றில் ரசம், ஒன்றில் தயிர். இனி நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாழை இலையின் அடியில் நடு நரம்பு தடித்துப் புடைத்திருக்கும். சமதரையில் இலையை விரித்தால் நடுப்பகுதி சற்றே தூக்கிக்கொள்ளும், இரண்டு பக்கமும் லேசாகச் சரியும். சாப்பிடும்போது இது தெரியாது, ஏனென்றால் சோற்றில் கரை கட்டிக் கையாலேயே அணை போட்டுக்கொண்டுதான் ரசத்தை வாங்குவோம். படத்துக்காக வைத்த ரசச் சோற்றில் யாரும் கை வைக்கக் கூடாதல்லவா? ரசம் முதலில் குன்றின் அடியில் தேங்கும். பிறகு சரிவைக் கண்டுபிடிக்கும். ஒரு கிளை தயிர்ச் சோற்றை நோக்கிப் போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கழிமுகத்தை உண்டாக்கும். மறு கிளை இலையின் ஓரத்தைத் தாண்டி, உட்கார வைக்கப்பட்ட அண்ணனின் புது வேட்டிக்கு வரும். "அசையாதீங்க அண்ணே, ஒரே நிமிஷம்!" என்பார் ஸ்டூல் மேல் நிற்கும் தம்பி.

அந்த ஒரு நிமிஷத்துக்குள் இன்னும் சில நடக்கும். கொதிக்கக் கொதிக்க வைத்த சோற்றுக்கு அடியில் பச்சை மங்கி, பழுப்பு வட்டம் விரியும். நெய் உறையத் தொடங்கும். தலைக்கு மேலே எரியும் டியூப்லைட் துடைக்காத இலையில் வெள்ளைக் கோடாக மின்னும், அதை மறைக்கச் சாய்ந்தால் சித்தப்பாவின் தலை நிழல் கூட்டின் மேல் விழும். போனோ கரும்பச்சை இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும், சோறு வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். திரையில் சோற்றின் மேல் விரலை வைத்தால் வெளிச்சம் அதற்குத் தக்கபடி இறங்கும் என்று அண்ணன் மகள் சொல்லித்தர வேண்டியிருக்கும். இதற்குள் அப்பளம் நமுத்துவிடும். அதை எடுத்துவிட்டு அடுப்படியிலிருந்து புது அப்பளம் வரவழைப்பார். அடுத்த பந்திக்கு அப்பளம் குறைந்தால் கணக்கு அங்கேதான் போயிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் படம் தப்பாகத்தான் வரும். காரணம் செல்ஃபி. இலையோடு தானும் தெரிய வேண்டும் என்று சித்தப்பா போனைத் திருப்பி முன் கேமராவில் எடுப்பார். முன் கேமரா திரையில் கண்ணாடிபோலக் காட்டும். சில போன்கள் காட்டியபடியே சேமித்தும் வைக்கும். படம் வாட்ஸ்அப்பில் போன மறு நிமிடம் திருக்கோவிலூர் அத்தையின் அழைப்பு வரும்.

"ஏண்டா, நுனிய வலப்பக்கம் போட்டிருக்கீங்க? வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா?"

"இல்லக்கா, இடப்பக்கந்தான் போட்டேன். நானே போட்டேன்."

"நீயே போட்டியா? அதான பாத்தேன். சோத்தையும் எடது கையால அள்ளுற!"

வாதாடிப் பயனில்லை, அத்தையிடம் சாட்சியம் இருக்கிறது. படத்தை நன்றாகப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்: பின்னால் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் எழுத்துகளும் திரும்பி நிற்கும். போனின் கேமரா அமைப்பில் செல்ஃபியைக் கண்ணாடிபோலச் சேமி என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அணைக்க முப்பது விநாடி ஆகாது. சித்தப்பா அதைத் தேடுவதற்குப் பதில் அடுத்த வருஷம் இலையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பார். அப்படிச் செய்தால் படத்தில் நுனி சரியாகிவிடும், இடது கை மட்டும் அப்படியே இருக்கும்.

படையல் படத்தில் இன்னொரு குழப்பம் உண்டு, அதில் பாவம், அவர் மேல் தப்பில்லை. சாமியோ முன்னோரோ எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதாக நினைத்து இலை போடும் வீடுகளில், நுனி அவர்களுடைய இடப்பக்கம் இருக்கும். கும்பிட நிற்கிற நமக்கு அது வலப்பக்கம். நாம் நிற்கிற இடத்திலிருந்து எடுத்த படத்தில் நுனி வலப்பக்கம் தெரிந்தால் அது சரியான இலைதான். வேறு வழக்கம் உள்ள வீடுகளும் உண்டு. ஆனால் படத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாமல் அத்தை தீர்ப்புச் சொல்வார், சித்தப்பா மேல்முறையீடு செய்வார், மாலை வரை நடக்கும்.

இவருக்கு ஒரு பட்டணத்துத் தம்பி முறையும் உண்டு, இலை வடிவத்தில் வெட்டிய காகிதத்தில் விருந்து வைத்துப் படம் எடுப்பவர். பிளாஸ்டிக் பூசிய தட்டுகளும் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மாற்றாக அரசு சொன்னவற்றில் வாழை இலையும் ஒன்று. காகித இலைக்கு நுனி எந்தப் பக்கம் என்று களமருதூர்ச் சித்தப்பாவிடம் கேட்டால், அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். இந்த ஒரு விஷயத்தில் நமது ஓட்டு அவருக்குத்தான்.

அவருக்கு அண்ணியாக, அண்ணன் மகளாக வாய்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலை முழுமையாகவும் முறையாகவும் இருக்கிற நேரம் பந்தியில் ஒன்றே ஒன்று: மேல் பாதி நிரம்பி, அப்பளம் மொறுமொறுவென்று இருக்க, சோற்று வாளி இன்னும் இலைக்கு வராத நேரம். அப்போதே அவரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, பின் கேமராவில், சாப்பிட உட்காருகிறவர் பக்கத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். குழம்பையும் ரசத்தையும் தனியாகக் கிண்ணங்களில் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த கையோடு போனை வாங்கி ஆயாவிடம் கொடுத்துவிட்டு, சோற்றைப் போடுங்கள். அண்ணன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.