கனாப் பலன்: ஒரு வகைப்பாட்டியல்

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கு அக்கம்பக்கத்தில் அச்சாகும் கனாப் பலன்கள் மூவகைப்படும். பெயர் சூட்டியவன் அடியேன்.

முதலாவது நேர்க்கனா. கன்றோடு பசுவைக் கண்டால் செல்வம். யானை மாலையிட்டால் ஏற்றம். பட்டத்து யானை மாலையிட்டவனே அரசன் என்று கதை சொன்ன நாட்டில் இதற்கு உரை வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்க்கனா. செத்ததாகக் கண்டால் ஆயுள் நீளும். பாம்பு கடித்தால் பணம் வரும். கல்யாணம் கண்டாலோ இழவுச் செய்தி.

மூன்றாவது விலக்குக்கனா. வெண்ணிறப் பொருள்கள் நன்மை தரும், சாம்பலும் பஞ்சும் எலும்பும் நீங்கலாக. கருநிறப் பொருள்கள் தீமை தரும், பசுவும் யானையும் நீங்கலாக என்பது வடமொழிச் சொப்பன நூல் மரபு. கறுப்பு யானையைக் கண்டவர் பதற வேண்டாம். சாஸ்திரமே முன்ஜாமீன் வாங்கி வைத்திருக்கிறது.

ஒரு கனவு எந்த வகை என்று தெரிவது எப்படி? இங்கேதான் இடறல். ஆண்டாள் கண்ட கனவையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் யானை சூழ வருகிறான் நாயகன்; நேர்க்கனா, சுபம். அடுத்து நடப்பது கல்யாணம், எதிர்க்கனா, அசுபம். பட்டியலை அப்படியே நம்பினால் வாரணமாயிரத்தை வைணவக் கல்யாண வீட்டில் பாடவே கூடாது. பாடுகிறார்கள், யாரும் பட்டியலைப் புரட்டுவதில்லை. எந்த வகை என்பதைப் பலன் நடந்த பிறகே தீர்மானிக்கிறோம் என்பது இதனால் பெறப்படும்.

இனிக் காலக்கணக்கு. இரவுக்கு நான்கு சாமம், சாமத்துக்கு மூன்று மணி நேரம். முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், கடைச்சாமத்தது பத்து நாளில் என்பது வழக்கு. முதல் சாமம் ஒன்பது மணிக்கே முடிந்துவிடுகிறது. பதினொன்றுக்குப் படுப்பவர்களுக்கு ஓராண்டுக் கெடு கைநழுவியது. போகட்டும், அது தேர்வே இல்லாத பாடம்: ஓராண்டில் எந்த வீட்டில்தான் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் நடக்காமல் இருக்கும்?

கடைச்சாமத்துக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு உண்டு, வேறு காரணத்தால். கண்மணி அசையும் உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அதன் நடுவில் விழித்தால் கனவு நினைவில் நிற்கும். விடியற்கனவு அழுத்தமாகத் தோன்றுவதைப் பழையவர்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். நினைவில் நிற்பதைப் பலிப்பது என்று எழுதிவிட்டார்கள், அவ்வளவே.

ஆகவே தீர்ப்பு: கவனிப்புக்கு முழு மதிப்பெண், பலனுக்குச் சுழியம். ஒப்பாதவர்கள் விழித்ததும் கனவையும் சாமத்தையும் எதிர்பார்க்கும் பலனையும் தேதியிட்டு எழுதி வையுங்கள். பத்தாம் நாள் எடுத்துப் பாருங்கள். நடந்த பிறகு ஞாபகம் வந்த கனவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.