வண்டிக்கு ஆயிரம், படிக்கு ஆயிரத்தைந்நூறு

1988-ல் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிக்கு நாங்கள் வீடு மாறியபோது டெம்போக்காரரோடு அப்பா பேசியது ஒரே ஒரு தொகை. நடைக்கு இவ்வளவு, டிரைவருக்கு டிபன், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆகும், யார் தூக்குவது என்று யாரும் கேட்கவில்லை. தூக்குவதற்கு டேங்க் பேக்டரியில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்தார்கள். இரண்டுமே தரைவீடு, வாசல் வரை வண்டி வந்து நின்றது. மாடிப்படிக்குக் கூலி என்ற பேச்சே எழ வழியில்லை.

ஆனாலும் அன்று ஒரு கூலி கொடுக்காமல் விடுபட்டது. இரும்பு பீரோவைத் திண்ணையிலிருந்து இறக்கும்போது ஒரு மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் பல நாள் வேலைக்குப் போகவில்லை. அம்மா சாப்பாடு கொடுத்தனுப்பினாள். அதற்கு மேல் அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. நட்புக்காகத் தூக்கியவருக்குக் காசு கொடுத்தால் அவமரியாதை என்று நினைத்த காலம்.

இப்போது நான் ஆவடியில் இரண்டாவது மாடியிலிருந்து பூந்தமல்லியில் மூன்றாவது மாடிக்கு மாறினேன். ஆனி மாதக் கடைசி வாரம். ஆடி பிறந்தால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் அந்த வாரம் வண்டி கிடைப்பதே பாடு. கிடைத்தது ஒரு குட்டி யானை. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு நம் ஊர் அதற்கு வைத்த பெயர். தொட்டி ஏழடிச் சொச்சம் நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், முக்கால் டன் பாரம். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் நெருக்கி அடுக்கினால் ஒரே நடையில் போய்விடும்.

போனில் டிரைவர் சொன்னது ஆயிரம் ரூபாய். பத்து கிலோமீட்டரும் இரண்டு மணி நேரமும் அதில் அடக்கம். பிறகு அவர் கேட்ட கேள்விகளில்தான் தொழில் தெரிந்தது. "கீழ கார் பார்க்கிங் இருக்கா சார்? அப்போ ஓனர் சொல்ற மாடி வேற, நாங்க ஏறுற மாடி வேற." தூண்கள் மேல் நிற்கும் கட்டடங்களில் பார்க்கிங்குக்கு மேலுள்ள முதல் வீட்டைச் சிலர் தரைத்தளம் என்றே சொல்கிறார்கள். அதனால் அவர் மாடியைக் கேட்காமல், எத்தனை திருப்பம் படி என்று கேட்டார். லிஃப்டில் பீரோ ஏற்ற அசோசியேஷன் விடுமா, தெருமுனையில் வண்டி நின்றுவிடுமா என்பவை அடுத்த கேள்விகள். தெருமுனையிலிருந்து சுமந்தால் அதற்கும் தனிக் கூலி.

கணக்கு இப்படி வந்தது. சாமான் ஏற்ற இரண்டு மணி நேரம், பருத்திப்பட்டு வழியாகப் போக ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, இறக்கி மேலே ஏற்ற இரண்டு மணி நேரம். கூடுதல் மூன்று மணிக்கு 250 வீதம் 750. ஆள் இரண்டு பேருக்கு 1,200. லிஃப்டில் தட்டுமுட்டுச் சாமானுக்கு மட்டும் அனுமதி என்பதால் மாடிக் கூலி முழுதாக விழுந்தது. இறங்க இரண்டு, ஏற மூன்று, ஆக ஐந்து மாடிக்கு 300 வீதம் 1,500. மொத்தம் 4,450. போனில் கேட்ட ஆயிரம் அதில் கால் பங்குகூட இல்லை. வண்டி ஓடிய நேரமும் ஐந்தில் ஒரு பங்குக்கு உள்ளேதான்.

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீரோவின் கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, லாக்கர் டிராயரைத் தனியே எடுத்து, பலசாலியானவர் கீழ்ப்படியில் நின்று பாரத்தைத் தோளில் வாங்க, மற்றவர் மேலிருந்து பிடித்தபடி திருப்பத்தில் நிமிர்த்தித் திருப்புவதை அருகில் நின்று பார்த்தேன். 1988-ல் மாமாவின் இடுப்பு ஏற்ற அதே பாரம், இன்று ஒரு விலையோடு தாளில் எழுதப்பட்டிருக்கிறது. அது நியாயம். நியாயமில்லாதது, அதைப் போனில் சொல்லாமல் பாதிப் படியில் பீரோவை வைத்துவிட்டுக் கேட்பது. வேறொரு முறை எனக்கு அது நடந்திருக்கிறது. இந்த டிரைவர் வண்டி, நேரம், ஆள், மாடி என்று நான்கையும் முதல்நாளே தனித்தனியாகச் சொன்னார்.

நாம் குறைக்க முடிந்தது நேரக் கூலி ஒன்றைத்தான். சமையலறைச் சாமான் முந்தின இரவே அட்டைப்பெட்டியில் ஏறி, கட்டில் கழற்றப்பட்டிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். மாடிக் கூலியில் பேரம் பேசலாமா என்று என் மனைவி கேட்டபோது டிரைவர் சொன்னார்: "வண்டி வாடகையில வேணும்னா நூறு குறைச்சுக்கோங்கம்மா. மாடிக் காசு எனக்கு இல்ல, அப்படியே அவங்களுக்கு." அதை அவர்கள் இருவர் கையிலும் எழுநூற்றைம்பது வீதம் எங்கள் எதிரிலேயே கொடுத்தார்.