ஒரு கிலோ கரி

முதலியார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் சாலை ஹாரனுக்கு நடுவே பக்கத்து வீட்டு அக்கா போனிடம், "ஒரு கிலோ கறி, அரை கிலோ வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்றார். திரையில் விழுந்ததோ, "ஒரு கிலோ கரி அறை கிலோ வெங்காயம் வாங்கிட்டு வாங்க". சிவப்புக் கோடு எதுவும் இல்லை. கரியும் அறையும் அகராதியில் இடம்பிடித்த கௌரவமான சொற்களாச்சே!

அக்கா ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். சரியாகத்தான் ஒலித்தது. அனுப்பினார். "கரி எதுக்கு? கேஸ் தீந்துடுச்சா?" என்று பதில் வந்தது.

ஆண்ட்ராய்டு போன்கள் 2017 முதல் தமிழைக் கேட்டெழுதுகின்றன. பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட ஊரில் காதால் பிழை திருத்த முடியாது. எழுத்தெழுத்தாகக் கண்ணால் பார்த்து, தப்பான சொல்லைத் தொட்டு அழித்து விரலால் அடிக்க வேண்டும். காற்புள்ளியையும் அப்போதே வைத்துவிடலாம்.